ஒயர் கழன்றால் என்ன நடக்கும்? பி.எல்.சி., டி.சி.எஸ். பற்றி டிப்ளமோ மாணவர்கள் கேட்பவை

இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு வரும் டிப்ளமோ மாணவர்கள் கண்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், இது பி.எல்.சி.யா, டி.சி.எஸ்.ஸா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" இரண்டுமே ஆலையைக் கட்டுப்படுத்தும் கணினி அமைப்புகள்; பி.எல்.சி. என்பது புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர், டி.சி.எஸ். என்பது டிஸ்ட்ரிபியூட்டட் கன்ட்ரோல் சிஸ்டம். பாடப்புத்தகத்தில் இதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. இடது பக்கம் பி.எல்.சி., வலது பக்கம் டி.சி.எஸ்., நடுவில் கோடு. தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு ஆலைக்குள் வருகிறவர்களுக்கு, கண்ணெதிரே இருக்கும் பேனலில் எது எது என்று சொல்ல முடியாமல் போகிறது. ஏனென்றால் இன்றைக்கு அட்டவணையில் பாதி வரிகள் செல்லாது.

அதனால் ஓர் ஆலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோ-ஜெனரேஷன் உள்ள சர்க்கரை ஆலை. தமிழ்நாட்டில் கரும்பு விளையும் மாவட்டங்களில் படித்தவர்கள் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். கரும்பைப் பிழிந்த சக்கையை பாய்லரில் எரித்து, அந்த நீராவியில் டர்பைன் ஓட்டி மின்சாரம் எடுத்து, மிச்ச நீராவியில் சாறு காய்ச்சுகிறார்கள். இங்கே சென்ட்ரிஃபியூகல் மெஷின் பி.எல்.சி.யிலும் பாய்லர் டி.சி.எஸ்.ஸிலும் ஓடுவது வழக்கம். இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பதால் ஒப்பிட வசதி.

சென்ட்ரிஃபியூகலுக்கு மட்டும் ஏன் பி.எல்.சி.?

பேட்ச் சென்ட்ரிஃபியூகல் செய்யும் வேலையைப் பாருங்கள். பாஸ்கெட் மெதுவாகச் சுற்றும்போது கேட் திறந்து பாகு இறங்குகிறது. போதுமான அளவு வந்ததும் கேட் மூடுகிறது. வேகம் ஏறுகிறது. நடுவில் சுடுதண்ணீர் சில நொடி தெளிக்கிறது. முழு வேகத்தில் சுற்றி மொலாசஸ் வெளியே போனதும் வேகம் இறங்குகிறது. கடைசியில், மிகக் குறைந்த வேகத்தில், ப்ளவ் எனப்படும் கத்தி உள்ளே வந்து ஒட்டியிருக்கும் சர்க்கரையை வழித்துத் தள்ளுகிறது. மறுபடி முதலிலிருந்து. சீசன் முழுக்க இதே சுற்று.

இதில் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் ஆம், இல்லை என்ற வகை. கேட் மூடியதா? வேகம் இறங்கிவிட்டதா? ப்ளவ் வெளியே இருக்கிறதா? ப்ளவ் முழுதாக வெளியே வந்துவிட்டது என்று பிராக்ஸிமிட்டி ஸ்விட்ச் சொல்லாமல் வேகம் ஏறக்கூடாது. ஏறினால் கத்தியும் பாஸ்கெட்டும் போய்விடும்.

நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 20 சுற்று. கன்ட்ரோலர் அரை நொடிக்கு ஒருமுறைதான் உள்ளீட்டைப் பார்க்கிறது என்றால், ஒரு ஸ்விட்ச் மாறியதை அது கவனிப்பதற்குள் பாஸ்கெட் 10 சுற்று சுற்றியிருக்கும். 10 மில்லிசெகண்டில் ஒரு ஸ்கேன் முடிக்கும் பி.எல்.சி. கால் சுற்றுக்குள் பார்த்துவிடும். உள்ளீடுகளை மொத்தமாகப் படி, புரோகிராமை மேலிருந்து கீழ் ஓட்டு, வெளியீடுகளை எழுது, மறுபடி படி. பி.எல்.சி. இதற்காகவே பிறந்தது. 1968-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலே பேனல்களுக்கு மாற்றாக ஒன்று வேண்டும் என்று கேட்டதிலிருந்து வந்தது. டிக் மோர்லியின் குழு செய்த மோடிகான் 084 அந்த வரிசையில் முன்னோடி. ரிலே எலக்ட்ரீஷியனுக்குப் புரிய வேண்டும் என்பதால்தான் பி.எல்.சி. புரோகிராம் எழுதும் லாடர் டயக்ரம் ரிலே வரைபடம் மாதிரியே இருக்கிறது.

அப்படியானால் டி.சி.எஸ். மெதுவானது, பி.எல்.சி. வேகமானது; அதுதானே வித்தியாசம்?

இல்லை. அது விளைவுதான். டி.சி.எஸ். கன்ட்ரோலரில், ஓர் அளவைப் பார்த்து ஒரு வால்வைத் திருத்தும் ஒவ்வொரு லூப்பும் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்று நீங்களே குறிக்கலாம். 100 மில்லிசெகண்ட் கொடுக்கலாம், ஒரு நொடியும் கொடுக்கலாம். பாய்லருக்குப் போகும் தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கும் டீஏரேட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டம் ஒரு நொடியில் எவ்வளவு மாறிவிடப் போகிறது? அங்கே ஒரு நொடியே தாராளம்.

வேகத்தைவிட முக்கியம், அந்த இடைவெளி மாறாமல் இருப்பது. வால்வை எவ்வளவு திறப்பது என்று லூப் போடும் பி.ஐ.டி. கணக்கில் இன்டக்ரல் என்பது பிழையை நேரத்தோடு பெருக்கிக் கூட்டுவது. நேரம் தப்பானால் கூட்டலும் தப்பு. டி.சி.எஸ்.ஸில் இதை யாரும் யோசிப்பதே இல்லை, பிளாக்கே பார்த்துக்கொள்ளும். பி.எல்.சி.யில் நீங்கள் யோசித்தாக வேண்டும்.

சீமென்ஸ் எஸ்7-300-ல் பி.ஐ.டி.க்கு FB41 என்ற பிளாக் இருக்கிறது. அதைப் பிரதான ஸ்கேனில் ஓடும் OB1-ல் போட்டால் ஸ்கேன் நேரம் கூடக்குறைய ஓடும். அதனால் OB35-ல் போட வேண்டும். அது தானாகவே 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடும்படி வருகிறது. ஆனால் FB41-ல் CYCLE என்று ஓர் அளவுரு உண்டு. அதைத் தொடாமல் விட்டால் அது T#1s. பிளாக் தன்னை நொடிக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும், நீங்களோ நொடிக்கு 10 முறை கூப்பிடுகிறீர்கள். இன்டக்ரல் 10 மடங்கு வேகமாக ஏறும். வால்வு இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருக்கும். டியூனிங் சரியில்லை என்று நாள்கணக்கில் கெய்னை மாற்றிப் பார்ப்பார்கள். லூப் விடாமல் ஆடினால் டியூனிங்கைத் தொடும் முன் CYCLE-ஐப் பாருங்கள்.

சரி, நிஜமான வித்தியாசம்தான் என்ன?

அளந்ததைக் கரன்ட்டாக மாற்றி அனுப்பும் ஒரு ட்ரான்ஸ்மிட்டரின் ஒயர் கழன்றால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் பாதி பாடம் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

டீஏரேட்டரில் மட்டத்தை அளக்க LT-201 என்ற ட்ரான்ஸ்மிட்டர். 0 முதல் 100 சதவீதத்துக்கு 4 முதல் 20 மில்லிஆம்பியர். மட்டம் 60 சதவீதத்தில் நிற்க வேண்டும். அப்போது கரன்ட் 13.6 மில்லிஆம்பியர். மட்டம் குறைந்தால், உப்பு நீக்கிய தண்ணீரான டி.எம். வாட்டர் வால்வு கூடுதலாகத் திறக்கும். இதை ஒரு பி.எல்.சி.யில், அவசரத்தில், ஸ்கேலிங்கும் பி.ஐ.டி.யும் மட்டும் எழுதிச் செய்திருக்கிறார்கள் என்று வைப்போம்.

ஜங்ஷன் பாக்ஸில் ஒரு டெர்மினல் ஸ்க்ரூ தளர்கிறது. கரன்ட் பூஜ்யம். ஸ்கேலிங் கணக்கு (0 − 4) / 16 × 100, அதாவது −25 சதவீதம். திரையில் மைனஸ் வந்தால் அசிங்கமாக இருக்கும் என்று யாரோ பூஜ்யத்தில் கிளாம்ப் செய்திருப்பார்கள். ஆக, பி.ஐ.டி.க்குத் தெரிவது மட்டம் 0, வேண்டியது 60. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. வால்வை முழுதாகத் திறக்கிறது.

கொடுமை என்னவென்றால் அலாரமும் வரும். "டீஏரேட்டர் லெவல் லோ" என்று வரும். ஆபரேட்டர் திரையைப் பார்ப்பார். மட்டம் குறைவு, வால்வு திறந்திருக்கிறது, எல்லாம் சரியாகத்தானே நடக்கிறது என்று நினைப்பார். உள்ளே குளிர்ந்த டி.எம். வாட்டர் கொட்டிக்கொண்டிருக்கும். சுமார் 105 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர் ஆறத் தொடங்கும். ஆறினால் கரைந்த ஆக்ஸிஜன் சரியாகப் பிரியாது. அது பாய்லர் ட்யூபுக்குக் கேடு. கடைசியில் ஓவர்ஃப்ளோ லைனில் தண்ணீர் ஊற்றுவதை ஃபீல்டில் இருப்பவர் பார்த்துச் சொல்வார்.

இதை ஆபரேட்டர் எப்படி முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்? ட்ரெண்டைத் திறந்து பார்த்தால் போதும். 60-லிருந்து 0-க்கு ஒரே நொடியில் நெட்டுக்குத்தாக விழுந்திருக்கும். அவ்வளவு பெரிய தொட்டி ஒரு நொடியில் காலியாகாது. கேஜ் கிளாஸில் தண்ணீர் அப்படியே நிற்கும். ஃபீட் பம்ப்பின் சக்ஷன் பிரஷர் குறைந்திருக்காது.

இப்போது அதே ஒயர், டி.சி.எஸ்.ஸில். யோகோகாவாவின் சென்டத்தை உதாரணமாகச் சொல்கிறேன். மற்ற நிறுவனங்களில் பெயர்கள் மாறும், நடப்பது ஏறக்குறைய இதுதான். கரன்ட் எல்லைக்கு வெளியே போனதும் உள்ளீட்டின் மதிப்போடு "இது கெட்டது" என்ற முத்திரையும் சேர்ந்து வருகிறது. திரையில் IOP அலாரம் வரும். அது லெவல் லோ அலாரம் இல்லை. "உள்ளீடே நம்பத்தக்கதல்ல" என்று சொல்லும் தனி அலாரம். இந்த மட்டத்தைக் கட்டுப்படுத்தும் LIC-201 பிளாக் AUTO-விலிருந்து தானாக MAN-க்கு இறங்கிவிடும். வால்வு கடைசியாக எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும்.

இதற்காக யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. பிளாக்கை எடுத்து வைத்தபோதே இவை எல்லாம் உள்ளே இருந்தன. பாய்லர் ட்ரம் லெவல் மாதிரி, ஒரு லூப் இன்னொரு லூப்புக்குக் கட்டளையிடும் கேஸ்கேட் லூப்பாக இருந்தால் இன்னும் ஒரு படி. கீழே இருக்கும் ஃபீட் வாட்டர் ஃப்ளோ லூப் MAN-க்கு இறங்கினால், மேலே இருக்கும் லெவல் லூப் அதைத் தெரிந்துகொண்டு கணக்குப் போடுவதை நிறுத்தி, கீழ் லூப் எட்ட வேண்டிய மதிப்பான SP-யைப் பின்தொடர ஆரம்பிக்கும். திரும்பச் சேரும்போது குலுக்கல் இருக்காது.

வால்வை அப்படியே நிறுத்துவது எப்போதும் சரியான முடிவு என்றும் எண்ண வேண்டாம். பாய்லர் லோடு மாறினால் மட்டம் மெல்ல ஏறும் அல்லது இறங்கும். ஆபரேட்டர் வந்து கையில் எடுக்க வேண்டும். ஆனால் அவருக்கு அதற்கான அவகாசமும், சரியான தகவலும் கிடைக்கிறது.

இதையே பி.எல்.சி.யில் எழுத முடியாதா?

தாராளமாக எழுதலாம். 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் பழுது என்று எடுத்துக்கொள்வது நாமூர் என்.இ. 43 பரிந்துரையிலிருந்து வந்த வழக்கம்.

```
IF NOT Manual THEN ManOut := Out; END_IF;
Bad := (mA < 3.6) OR (mA > 21.0);
IF Bad THEN
    Manual := TRUE;
ELSE
    Level := (mA - 4.0) / 16.0 * 100.0;
END_IF;
```

முதல் வரியைக் கவனியுங்கள். ஆட்டோவில் ஓடும் வரை வெளியீட்டை ManOut-ல் நகலெடுத்துக்கொண்டே இருக்கிறோம். அந்த வரி இல்லாவிட்டால் மேனுவலுக்கு மாறிய நொடியில், எப்போதோ ஆபரேட்டர் அடித்துவைத்த பழைய மதிப்புக்கு வால்வு பாயும். Bad சரியானதும் Manual தானாக விலகவில்லை என்பதையும் கவனியுங்கள். தளர்ந்த ஸ்க்ரூ விட்டுவிட்டுத் தொடும். தானாக ஆட்டோவுக்குப் போக விட்டால் வால்வு ஆடும். ஆபரேட்டர்தான் பார்த்து மாற்ற வேண்டும்.

ஐந்தாறு வரிதான். ஆனால் பாய்லரில் இப்படி லூப்கள் நிறைய இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இது வேண்டும். நல்ல புரோகிராமர் ஒருமுறை இதை ஃபங்ஷன் பிளாக்காகச் செய்து, சோதித்து, எல்லா லூப்புக்கும் அதையே போடுவார். அப்படிப் பொறுமையாகச் செய்துகொண்டே போனால் கடைசியில் அவர் கையில் இருப்பது, சொந்தமாகச் செய்த ஒரு சின்ன டி.சி.எஸ்.

அப்போ பி.எல்.சி.யும் ஸ்காடாவும் சேர்ந்தால் டி.சி.எஸ். தானே, சார்?

இன்டர்வியூவில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஸ்காடா என்பது பி.எல்.சி.யின் விவரங்களை ஆபரேட்டர் திரையில் காட்டும் மென்பொருள். கன்ட்ரோலர், ஆபரேட்டர் திரை, ட்ரெண்ட், அலாரம் என்று உறுப்புகளை எண்ணினால் இரண்டும் ஒன்றுதான். டேட்டாபேஸ் எத்தனை என்று எண்ணினால் வேறு.

டி.சி.எஸ்.ஸில் LIC-201 என்ற பெயர் ஒருமுறைதான் பிறக்கிறது. பிளாக்கை வைத்து, ரேஞ்சும் அலாரம் எல்லையும் கொடுத்து டவுன்லோடு செய்தால், ஃபேஸ்பிளேட், அலாரம், ட்ரெண்ட் எல்லாம் அந்த ஒரே பதிவிலிருந்து படிக்கின்றன. பி.எல்.சி.யும் ஸ்காடாவும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் பி.எல்.சி.யில் ஒரு டேக், ஸ்காடாவில் இன்னொரு டேக். ஸ்காடா டேக்குக்கு பி.எல்.சி. முகவரியைக் காட்ட வேண்டும். அலாரம் எல்லையை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தொட்டியின் லெவல் ட்ரான்ஸ்மிட்டரை மாற்றினார்கள். ரேஞ்ச் 0–2000 மி.மீ. இருந்தது 0–2500 மி.மீ. ஆனது. பி.எல்.சி.யில் ஸ்கேலிங்கை மாற்றிவிட்டார்கள். ஸ்காடாவில் இருந்த டேக், பி.எல்.சி. கணக்கிட்ட மட்டத்தைப் படிக்கவில்லை. கார்டிலிருந்து வரும் நேரடி எண்ணைப் படித்து, தன் பக்கமே பழைய 2000-க்கு ஸ்கேல் செய்துகொண்டிருந்தது. தொட்டியில் 1500 மி.மீ. தண்ணீர் இருந்தபோது பி.எல்.சி. 1500 என்று சரியாகக் கட்டுப்படுத்தியது. திரையில் 1200 என்று காட்டியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் 1200-ம் நம்பத்தகுந்த எண்தான். ஷிஃப்ட் ஆள் மேலே ஏறி டிப் டேப் விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ட்ரான்ஸ்மிட்டர் ரேஞ்சை மாற்றினால் பாதி மட்டத்தில் ஒருமுறை, முழு மட்டத்தில் ஒருமுறை சிமுலேட் செய்து, பி.எல்.சி.யில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பூஜ்யத்தில் மட்டும் பார்த்தால் இந்தத் தப்பு தெரியாது. அங்கே இரண்டும் பூஜ்யம்தான் காட்டும்.

டி.சி.எஸ்.ஸிலும் ட்ரான்ஸ்மிட்டரில் ஒன்று, பிளாக்கில் ஒன்று என்று இரண்டு இடம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கட்டுப்படுத்தும் எண்ணும் காட்டும் எண்ணும் பிரிந்துபோக அங்கே சாதாரணமாக வழியில்லை.

டி.சி.எஸ்.ஸில்தான் ரிடண்டன்ட் கன்ட்ரோலர் உண்டு, பி.எல்.சி.யில் இல்லை என்று படித்தோமே?

பழைய செய்தி. எஸ்7-400எச்., கன்ட்ரோல்லாஜிக்ஸ் இரண்டிலும் இரட்டை கன்ட்ரோலர் போடலாம். பி.எல்.சி. டிஜிட்டலுக்கு, டி.சி.எஸ். அனலாகுக்கு என்பதும் இதே வகைதான்.

ஓடும்போது மாற்றுவது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பாய்லர் ஓடும்போது ஒரு லூப்பைச் சேர்ப்பது டி.சி.எஸ்.ஸில் அன்றாட வேலை. எஸ்7-300-லும் ஓட்டத்திலேயே ஒரு பிளாக்கை மாற்றி இறக்கலாம். ஆனால் ஹார்டுவேர் கான்ஃபிகரேஷனை இறக்கினால் சி.பி.யூ. STOP-க்குப் போகும். சென்ட்ரிஃபியூகலை 10 நிமிடம் நிறுத்தலாம், அடுத்த மெஷின் ஓடும். பாய்லரை அப்படி நிறுத்தினால் டர்பைனும் சேர்ந்து நிற்கும், சாறு காய்ச்ச நீராவி இருக்காது, மில்லில் கரும்பு காத்துக் கிடக்கும்.

சீமென்ஸ் பி.சி.எஸ். 7 எதில் சேர்த்தி?

டி.சி.எஸ். என்று விற்கப்படுகிறது, அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் பேனலைத் திறந்தால் உள்ளே எஸ்7-400 கன்ட்ரோலர். ராக்வெல்லின் பிளான்ட்பாக்ஸும் இப்படித்தான், உள்ளே கன்ட்ரோல்லாஜிக்ஸ். ஒரே பெட்டியை ஓரிடத்தில் பி.எல்.சி. என்கிறோம், இன்னோரிடத்தில் டி.சி.எஸ். என்கிறோம். பேனலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. என்ஜினியரிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து, ஒரு புது ட்ரான்ஸ்மிட்டரைச் சேர்க்க எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சென்ட்ரிஃபியூகல் பி.எல்.சி.யும் பாய்லர் டி.சி.எஸ்.ஸும் பேசிக்கொள்ளுமா?

பேசும், பெரும்பாலும் மாட்பஸ் என்ற தகவல்தொடர்பு முறை வழியாக. சென்ட்ரிஃபியூகல் ஹவுஸ், டி.எம். பிளான்ட், ஆஷ் ஹேண்ட்லிங் என்று பல பி.எல்.சி.க்களின் விவரம் டி.சி.எஸ். திரைக்கு இப்படித்தான் வருகிறது. இங்கேயும் அதே ஒயர் கேள்வியைக் கேட்க வேண்டும், கம்யூனிகேஷன் கேபிளுக்கு.

4 மில்லிஆம்பியர் பூஜ்யமாக இருப்பதால் அனலாக் ஒயர் அறுந்தால் தெரிந்துவிடுகிறது. மாட்பஸ் ரெஜிஸ்டரில் வரும் எண்ணுக்கு அந்த வசதி இல்லை. லிங்க் போய்விட்டால் டி.சி.எஸ். பக்கம் பெரும்பாலும் கம்யூனிகேஷன் அலாரம் வரும். ஆனால் நடுவில் ஒரு கேட்வே இருந்து, அதற்கும் பி.எல்.சி.க்கும் இடையில் தொடர்பு போனால், கேட்வே கடைசியாகப் படித்த எண்ணையே சலிக்காமல் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். டி.எம். தொட்டி மட்டம் 72 சதவீதம் என்று திரையில் மணிக்கணக்கில் நிற்கும். ட்ரெண்டில் கோடு வரைந்தமாதிரி ஒரே நேர்கோடு. நிஜ மட்டத்தில் சின்னச் சின்ன அசைவாவது இருக்கும், இதில் இருக்காது.

இதற்குச் செய்வது ஹார்ட்பீட். பி.எல்.சி.யில் ஒரு ரெஜிஸ்டரை நொடிக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். டி.சி.எஸ்.ஸில் அந்த எண் 10 நொடியாக மாறவில்லை என்றால் அந்த பி.எல்.சி.யிலிருந்து வரும் எல்லா மதிப்புகளையும் கெட்டவை என்று குறித்து, அலாரம் கொடுக்க வேண்டும். கூட்டும் வரியை பி.எல்.சி. புரோகிராமின் பிரதான ஸ்கேனிலேயே வையுங்கள். கம்யூனிகேஷன் கார்டு தானாக உருவாக்கும் எண்ணை எடுத்தால், சி.பி.யூ. STOP-ல் இருக்கும்போதும் கார்டு உயிரோடு எண்ணிக்கொண்டிருக்கும். கமிஷனிங்கில் கேபிளைப் பிடுங்கி மட்டும் சோதித்துவிட்டு வந்துவிடாதீர்கள். பி.எல்.சி.யின் சாவியை STOP-க்குத் திருப்பி, டி.சி.எஸ். திரையில் அந்த 72 கெட்டதாக நிறம் மாறுகிறதா என்று நின்று பாருங்கள்.